கண் பழகும் அறை

எங்கள் கோயில் அருங்காட்சியகம் இரண்டே அறைகள். கண்டக்குழிக்குப் போகும் வழியில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் பாதிரியார்கள் முன்பு தங்கிய பழைய குருமனை அது. உள்ளறைக் கண்ணாடிப் பெட்டிகளில் தங்கநூல் வேலை செய்த பட்டுப் பூசை உடுப்பு ஒன்றும், வண்ணம் தீட்டிய மர மாதா சுரூபம் ஒன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை.

அருங்காட்சியகக் குழுவின் தலைவர் இறால் பண்ணைக்காரர். நல்ல மனிதர். ஏசியை அன்பளிப்புச் செய்ததும் அவர்தான். அதனால் அந்த ஏசி ஊருக்கே தெரியும்படி குளிர வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னொரு ஆசை, வெளிச்சம்.

திருவிழாவுக்கு மறைமாவட்ட ஆயர் வருகிறார் என்றதும் தலைவர் ஒரு மத்தியானம் வந்து நின்றார்.

"என்ன மகள் இது? மியூசியமா, கரண்ட் கட்டா? மாதாட முகமே தெரியுதில்ல."

"ஐம்பது லக்ஸ் வெளிச்சம்தான் அங்கிள் விடலாம். கூட்டினா பட்டு வெளிறிப் பொடிஞ்சுபோகும். வெளிறினது திரும்பி வராது."

"ஒரு நாளைக்குத்தானே?"

"பட்டுக்கு நாள் கணக்குத் தெரியாது அங்கிள். பட்ட வெளிச்சம் எல்லாம் சேர்ந்துகொண்டேதான் இருக்கும்."

அவருக்குத் திருப்தியில்லை. இரண்டு பெரிய விளக்குகள் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

குறை விளக்கில் இல்லை, அவர் கண்ணில்தான் என்று எனக்குத் தெரியும். உச்சிவெயிலில் வெள்ளை மணலைப் பார்த்துக்கொண்டு வந்தவர் நேரே உள்ளறைக்குள் நுழைந்தால் எதுதான் தெரியும்? ஆகவே முன்னறை யன்னல்களுக்குத் தடித்த கறுப்புத் துணி தைத்துப் போட்டேன். அங்கே தடுக்கி விழாத அளவுக்கு ஒரு சின்ன விளக்கு மட்டும். உள்ளறை விளக்கில் கை வைக்கவேயில்லை.

அடுத்தமுறை வந்தவரை முன்னறையில் மறித்து, "அங்கிள், இந்த முறை இறாலுக்கு நோய் வந்ததாமே?" என்று கேட்டேன். அவ்வளவுதான். குளம், குஞ்சு, தீனி, தண்ணீரில் உப்பு என்று ஒரு பாட்டம் பொழிந்தார். நான் "ஓம், ஓம்" போட்டுக்கொண்டே நின்றேன். கதை முடிந்ததும் உள்ளே கூட்டிப்போனேன்.

"ஆ! இப்ப பாருங்க! மாதாட நீல முக்காடு என்ன வடிவு! சொன்னாக் கேக்கோணும் மகள். கூட்டினதும் எப்பிடி இருக்கு!"

"ஓம் அங்கிள்," என்றேன். பொய் சொல்லவில்லை, எதற்கு ஓம் என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். தன் சொல்லுக்கு நான் பணிந்ததாக அவர் கோயில் முற்றம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். விளக்கு வாங்கும் பேச்சு அதோடு நின்றது.

ஆனால் ஏசியை மறந்துவிட்டேன். அதை இருபத்தாறில் வைத்து, ஈரம் உறிஞ்சும் மெஷினையும் சேர்த்து இரவு பகலாக ஓட விடுவது என் வழக்கம். மரம் ஈரம் குடித்து உப்பும், காய்ந்து சுருங்கும். மேலே பூசிய வண்ணம் அந்த ஆட்டத்துக்கு ஈடுகொடுக்காமல் செதில் செதிலாய் எழும்பும். கூடுதலோ குறைவோ, ஒரே சீராக இருப்பதுதான் முக்கியம்.

திருவிழாவன்று நான் பூசையில் இருந்த நேரம், தலைவர் ரிமோட்டை எடுத்துப் பதினாறுக்கு இறக்கிவிட்டார். பூசை முடிந்து ஆயர் வரும்போது வரவேற்பாகக் கதவுகள் இரண்டையும் அகலத் திறந்தும் வைத்தார். கடற்காற்று உள்ளே புகுந்தது. குளிர்ந்திருந்த கண்ணாடிகள் வெளிப்புறம் முழுக்க ஒரே பனியாய் மூடிக்கொண்டன. ஆயருக்கு முன்னால் இரண்டு வெள்ளைப் பெட்டிகள்!

"மாதா எங்க?" என்றார் ஆயர்.

தலைவர் சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துக்கொண்டு ஓடினார். துடைத்தார், மறுபடி மூடியது. நான் அவர் கையைப் பிடித்தேன்.

"துடைச்சு வேலையில்ல அங்கிள். கதவைச் சாத்துங்க, ரிமோட்டைத் தாங்க."

இருபத்தாறுக்கு ஏற்றினேன். வேறு வழியில்லாமல் எல்லோரையும் முன்னறையில் நிற்கவைத்தேன். பெட்டிக்குள் ஈரத்தை ஏந்திக்கொள்ளும் சிலிக்காப் பைகள் இருந்தன. கண்ணாடியில் ஒரு மூலையைத் துடைத்து, மறுபடி மூடுமுன் எட்டிப் பார்த்து, உள்ளே இருந்த ஈரமானியின் முள் அசையவில்லை என்று கண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த இருட்டில் தலைவர் கூச்சத்தில் சுவரோரம் ஒதுங்கினார். ஆயர்தான் அவருடைய தோளில் தட்டி ஏதோ பகிடி விட்டுக்கொண்டிருந்தார்.

கண்ணாடி மெல்லத் தெளிந்தது. கண்கள் இருட்டுக்குப் பழகிப் போய் உள்ளே நுழைந்த ஆயர், மாதாவின் முன் வெகுநேரம் நின்றார். "அளவான வெளிச்சம். ஆர் போட்டது?" என்று கேட்டார்.

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவரைக் கைகாட்டினேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு விறாந்தையில் தலைவரிடம் உண்மையைச் சொன்னேன். விளக்கைக் கொஞ்சமும் கூட்டவில்லை, கூட்டியது உங்களுடைய கண்தான் என்று. கதிரையை விட்டு எழும்பினார். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்தேன். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"ஆயருக்குச் சொல்ல வேணாம்," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மகள், எங்கட வீட்டு ஹாலுக்கும் அந்தக் கறுப்புத் துணி தைச்சுத் தருவீங்களா? மனிசி எப்ப பாத்தாலும் எல்லா லைட்டையும் போட்டு வச்சிருக்கு. கண் பழகிட்டா ஒரு லைட் போதும்தானே."