எல்லோருக்கும் வேண்டிக்கொண்டேன்

ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு நேரமிருக்கிறது. வேலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, காலையில் போய்வந்த சோளிங்கர் கோயிலைப் பற்றி என் இணையப் பக்கத்தில் போடுகிறேன். கழுத்தில் மாலையோடு நிற்கும் படம் வேண்டாம். மலை மட்டும் போதும். 'ஆயிரத்து முந்நூறு படி ஏறினேன்' என்று அடித்ததையும் அழிக்கிறேன். பீற்றிக்கொள்வதாகத் தெரியும். 'நல்ல தரிசனம். எல்லோருக்கும் வேண்டிக்கொண்டேன்.' அடக்கமாக இருக்கிறது.

சென்டர் நடத்தும் ஸ்டெல்லா அக்கா எட்டிப் படிக்கிறார். தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் கணவருக்கு இரண்டு நாளில் ஆபரேஷன், வேண்டிக்கொள்ளுங்கள் என்று நேற்று இங்கேதான் சொல்லி அனுப்பினார்.

"எங்க வீட்டுக்காரர் பேரையும் சொன்னீங்களா தம்பி?"

மலைமேல் என் பிரமோஷனைத் தவிர எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆமாம் என்று தலையாட்டுகிறேன்.

"இப்பதான் கொஞ்சம் தைரியமா இருக்கு."

திரையில் இருக்கும் அந்தக் கடைசி வரியை அழிக்க வேண்டும். அவர் அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.