டச்சப்காரரின் ஈறு

அந்தப் போட்டோ ஸ்டூடியோவில் அவரை எல்லோரும் டச்சப்காரர் என்றே கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அடையாள அட்டையோடு ஒடுங்கிவிட்டது. பின்கட்டில், ஜன்னலுக்குக் கறுப்புத் துணி மாட்டிய ஓர் அறையில், பெரிய திரைக்கு முன்னால் அவர் இருபது வருஷமாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் கன்னத்துப் பரு, பெண்ணின் கண்ணுக்குக் கீழே கருவளையம், மாமனாரின் வழுக்கையில் பளிச்சென்று விழுந்த விளக்கு எல்லாம் அவர் கைபட்டு மறைந்தன. அதிலும் பல் என்றால் அவருக்குத் தனிக் கவனிப்பு. வெற்றிலைக் கறை, புகையிலைக் கறை, இடைவெளி, தெற்றுப்பல் எதுவாக இருந்தாலும் இரண்டு நிமிஷத்தில் முத்துச்சரமாக்கிவிடுவார்.

ஒருநாள் முதலாளி புது லென்ஸ் வாங்கி வந்தார். வந்த வேகத்தில் எதிரே நின்றவரைச் சோதித்துப் பார்க்க வேண்டுமே. எதிரே நின்றவர் டச்சப்காரர்.

"கொஞ்சம் சிரிங்க அண்ணே. யாரோ செத்த வீட்டுக்குப் போற மாதிரி நிக்கிறீங்க."

டச்சப்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து முதலாளி அமுக்கிவிட்டார். படம் பெரிய திரையில் விரிந்தது. முதலாளி லென்ஸின் கூர்மையில் மயங்கி, "பாருங்க, ஒவ்வொரு மயிரும் தனித்தனியா தெரியுது" என்றார். டச்சப்காரர் மயிரைப் பார்க்கவில்லை. தன் வாயைப் பார்த்தார். பற்களில் கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள். கீழ்வரிசையில் ஈறு ஓரம் முழுக்க யாரோ பென்சிலால் கோடு இழுத்ததுபோல் இருந்தது.

'சொத்தை' என்று முடிவு கட்டிவிட்டார்.

பல்லுக்கு மேலே ஈறு தடித்து, விளிம்பு உருண்டு, செக்கச்செவேலென்று பளபளத்துக்கொண்டிருந்தது. அதையும் அவர் கண் பார்க்கத்தான் செய்தது. ஆனால் அவருக்குச் சிவப்பு என்றால் ரத்த ஓட்டம், ரத்த ஓட்டம் என்றால் ஆரோக்கியம். வெளிறிய மணப்பெண்களுக்கு உதட்டிலும் கன்னத்திலும் அதே நிறத்தைத்தான் அவர் ஏற்றி அனுப்புவார். ஈறைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் பிறக்கவில்லை.

மறுநாள் பல் ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். எடுத்த பெண், "பிரச்சினை என்னன்னு ஒரு போட்டோ அனுப்புங்க சார், டாக்டர் பாத்துட்டுச் சொல்லுவாங்க" என்றாள்.

போட்டோ! அவர் கையில் இல்லாததா? முதலாளி எடுத்த படத்தைத் திறந்து வாயை மட்டும் வெட்டி எடுத்தார். டாக்டர் பார்க்கப்போகிறாரே என்று புள்ளிகளைக் கொஞ்சம் கூர்மையாக்கினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. சிவப்பு தூக்கலாக இருக்கிறதே என்று குறைத்தார். ஈறு விளிம்பு மேடும் பள்ளமுமாக இருக்கிறதே என்று நேராக்கினார். பல்லிடுக்கில் வீங்கித் துருத்திக்கொண்டிருந்த சதையை உள்ளே தள்ளினார். அன்னியர் வீட்டுக்குப் போகுமுன் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வது மாதிரிதான் அவருக்கு அது. ஏமாற்றுகிறோம் என்ற நினைப்பே இல்லை.

சாயங்காலம் டாக்டரிடமிருந்து பதில் வந்தது. "போட்டோவை வச்சு முடிவா எதுவும் சொல்ல முடியாது. பாத்த வரைக்கும் ஈறு நல்லா இருக்கு. கறுப்புப் புள்ளி சொத்தையாவும் இருக்கலாம், வெறும் கறையாவும் இருக்கலாம். நேர்ல வாங்க, பாத்துடலாம்."

நாலு வாக்கியத்தில் அவருக்கு ஒன்றுதான் காதில் ஏறியது. வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றுமுன் மனைவியிடம் சொன்னார்.

"டாக்டரே சொல்லிட்டாங்க, ஈறு நல்லா இருக்காம்."

அவர் மனைவி மழலையர் பள்ளியில் ஆசிரியை. நாள் முழுக்க இருபது பிள்ளைகளின் மூக்கைத் துடைத்துவிட்டு வருபவள்; லேசில் எதையும் நம்ப மாட்டாள். "அப்புறம் ஏங்க பிரஷ்ல ரத்தம் இருக்கு?" என்றாள்.

"அழுத்தித் தேய்ச்சா வரத்தான் செய்யும்."

"நேர்ல எப்போ வரச் சொன்னாங்க?"

"அதுக்கென்ன அவசரம்? கறைதானாம்."

கறை என்று டாக்டர் சொல்லவில்லை. 'வெறும் கறையாவும் இருக்கலாம்' என்பதிலிருந்து 'இருக்கலா'மைப் பிடுங்கி எறிந்துவிட்டு மீதியை இவர் வைத்துக்கொண்டார். உண்மையான காரணம் பல் குடையும் மிஷினின் சத்தம். அதை நினைத்தாலே அவருக்கு உள்ளங்கால் கூசும்.

வைத்தியத்தைத் தானே ஆரம்பித்தார். கடையில் இருப்பதிலேயே முரட்டு பிரஷ்ஷாகப் பார்த்து வாங்கி வந்து, புள்ளி தெரிகிற இடங்களை மட்டும் பாத்திரம் விளக்குவது மாதிரி தேய்த்தார். ரத்தம் வருகிற ஓரங்களை, பாவம் புண்ணாகியிருக்கிறது, ஓய்வு கொடுப்போம் என்று தொடாமலே விட்டுவிட்டார். புள்ளிகள் அசையவில்லை. ஓய்வு கிடைத்த ஓரங்களில் அழுக்கு நிம்மதியாகக் குடியேறியது. மாதம் இரண்டு ஓடியது.

வேறொன்றும் அவரை அரித்துக்கொண்டிருந்தது. மனைவி முன்போல இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது சொல்லத் தொடங்கினால் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். சாப்பிட்டதும் கேட்காமலே கிராம்பு கொண்டுவந்து நீட்டுவாள். கிராம்பு அன்பென்றும் திருப்பிக்கொள்வது கோபமென்றும் எடுத்துக்கொண்டு, இரண்டுக்கும் முடிச்சுப் போட முடியாமல் அவர் தவித்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆப்பிளைக் கடித்தார். கடித்த இடத்தில் வெள்ளைச் சதையில் பல் பல்லாக ரத்தம். மனைவி அந்த ஆப்பிளை வாங்கிப் பார்த்தாள். அவரையும் பார்த்தாள்.

"சொன்னா வருத்தப்படக் கூடாது."

"சொல்லு."

"உங்க வாய்ல நாத்தம் வருதுங்க. ஒரு வருஷமா."

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "அதனாலதான் மூஞ்சியைத் திருப்பிக்கிறியா? என் மேல கோபம்னுல்ல நெனச்சேன்!"

"கோபமும் இருந்துச்சு. அது வேற." அவள் போனை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இப்பவே ஆஸ்பத்திரிக்குப் பேசுங்க. நான் பக்கத்துலதான் இருப்பேன்."

டாக்டர் வயதில் சின்னவர், குரல் மெல்லிசு, கை உறுதி. டச்சப்காரரை நாற்காலியில் சாய்த்து விளக்கை இழுத்து வாய்க்கு நேரே நிறுத்தினார். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு மேஜையிலிருந்த போனை எடுத்து, அவர் அனுப்பிய படத்தைப் பார்த்தார். மறுபடி வாயைப் பார்த்தார்.

"சார், இது யாரோட வாய்?"

வாய் திறந்தபடி இருந்ததால் டச்சப்காரரால் பதில் சொல்ல முடியவில்லை. ஓரமாக நின்ற மனைவி சொன்னாள். "இவரோடதுதான் டாக்டர். இவருக்குப் படத்தைச் சரிபண்றதுதான் வேலை."

"என்ன பண்ணீங்க?"

டச்சப்காரர் வாயை மூடி எச்சில் விழுங்கினார். "கலர் கொஞ்சம் குறைச்சேன் டாக்டர். அப்புறம் ஓரத்தை லேசா... நேராக்கினேன்."

"நான் பார்க்க வேண்டியதே அந்தக் கலரும் ஓரமும்தானே சார்! நோயை வழிச்சுப் போட்டுட்டு மிச்சத்தை அனுப்பியிருக்கீங்க."

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

டாக்டர் மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார். அதன் நுனியில் அளவுக் கோடுகள் இருந்தன. பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே அதை மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லையும் சுற்றிச் சுற்றி அளந்து, உதவிக்கு நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டே போனார். "மூணு, மூணு, அஞ்சு. அஞ்சு, நாலு, ஆறு." தொட்ட இடமெல்லாம் ரத்தம் கசிந்தது. மனைவிக்கு எண்கள் புரியவில்லை. ஏறிக்கொண்டே போவது மட்டும் புரிந்தது.

"மூணு மில்லிமீட்டர் வரைக்கும் பொதுவா பரவாயில்ல. உங்களுக்கு ஈறு பல்லைவிட்டுக் கழண்டு பை மாதிரி ஆயிருக்கு. உள்ள அழுக்கு சேருது. நாத்தம், ரத்தம், வீக்கம் எல்லாம் அதனாலதான்."

"அப்போ சொத்தை?" என்றார் டச்சப்காரர். அவர் சொத்தைக்காகத்தானே வந்திருந்தார்!

டாக்டர் கண்ணாடியை அவர் கையில் கொடுத்துக் கம்பியால் காட்டினார். "முன்பல்லுல இருக்கே, இது டீக் கறை. கம்பி வழுக்கிட்டுப் போகுது பாருங்க, குழி இல்ல. கீழ ஓரத்துல கோடு மாதிரி இருக்கிறது காரை. பல்லுல படியுற அழுக்கு இறுகிக் கல்லா ஆயிடுச்சு. அதை பிரஷ் ஒண்ணும் பண்ணாது. கறுப்பா இருக்கிறதெல்லாம் சொத்தை இல்ல சார். சொத்தைன்னா பல்லே கரைஞ்சு குழி விழும். உங்களுக்குப் பல்லு நல்லாத்தான் இருக்கு, அதைப் பிடிச்சிட்டிருக்கிற எலும்பு கரையுது."

"ஆனா வலிக்கவே இல்லையே டாக்டர்?"

"வலிச்சிருந்தா ரெண்டு வருஷம் முன்னாடியே வந்திருப்பீங்க."

எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவர், முதன்முறையாகச் சிரித்தார். "உங்க ஆசையும் வீண் போகல. சொத்தை ஒண்ணு இருக்கு."

கடைவாயில் இரண்டு பற்கள் ஒட்டிக்கொண்டிருக்கும் இடுக்கில் இருந்தது அது. மேலே புள்ளி கிடையாது, கறை கிடையாது. அவர் படத்தில் அந்தப் பல் எவர் கையும் படாமலே பளீரென்று இருந்தது. அவர் அஞ்சிய புள்ளிகளில் சொத்தை இல்லை. அவர் பெருமைப்பட்ட ஈறில் நோய். அவர் கவனிக்கவே கவனிக்காத பல்லில் சொத்தை. இருபது வருஷம் பற்களையே பார்த்துப் பிழைத்தவர் ஒன்றைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

சிகிச்சை சில தடவையாக நடந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்குக் கீழே வேர்வரை ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி எடுத்தார்கள். சொத்தையைக் குடைந்து அடைத்தார்கள். உள்ளங்கால் கூசியது உண்மைதான், ஆனால் அந்தச் சத்தம் அவர் பயந்த அளவுக்கு இல்லை. மெத்தென்ற பிரஷ் ஒன்றையும் பல்லிடுக்குக்குக் குச்சி மாதிரி ஒரு குட்டி பிரஷ்ஷையும் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று டாக்டர் சொல்லிக்கொடுத்தார்.

"ரத்தம் வர்ற இடத்தை விட்டுடாதீங்க. அங்கதான் நல்லா சுத்தம் பண்ணணும். முரட்டுத்தனமா இல்ல, பொறுமையா."

வீக்கம் வடிந்தது. ரத்தம் குறைந்தது. வடிந்தபோது இன்னொன்று தெரிந்தது. ஈறு சுருங்கியதும் பற்கள் நீளமாகத் தோன்றின. இடுக்குகளில் முக்கோணம் முக்கோணமாக இருட்டு எட்டிப்பார்த்தது. பதறிப்போய் டாக்டரிடம் ஓடினார்.

"குணமாகுதுன்னு அர்த்தம்" என்றார் டாக்டர். "இதுவரைக்கும் வீக்கம் மூடி வச்சிருந்துச்சு. போன எலும்பு இனி தானா வளராது. மிச்சம் இருக்கிறதைக் காப்பாத்திக்கலாம்."

நோயாக இருந்தபோது நிறைவாகத் தெரிந்த வாய், குணமானபோது ஓட்டையாகத் தெரிந்தது. இதை யாரிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம் சொன்னார். அவள் இப்போதெல்லாம் முகத்தைத் திருப்பாமல் கேட்டாள். "ஓட்டையா இருந்தா என்னங்க, பக்கத்துல உக்கார முடியுதே" என்றாள். அன்று அவர் நெடுநேரம் பேசினார். கோபம் வேறு எதற்காக என்பதும் அன்றுதான் வெளியே வந்தது. இரண்டு பேரும் சண்டையும் போட்டுக்கொண்டார்கள், நெருங்கி உட்கார்ந்தே.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை. பெரும்பாலான இடங்களில் எண்கள் இறங்கியிருந்தன. பின்னால் இரண்டு இடம் மட்டும் பிடிவாதமாக இருந்தது. அதை மறுபடி சுத்தம் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். டச்சப்காரர் எழுந்துகொள்ள, கூட வந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தார் டாக்டர்.

"வந்ததுதான் வந்தீங்க, நீங்களும் ஒருதரம் உக்காருங்களேன் மேடம்."

"எனக்கா? எனக்கு ஒரு சொட்டு ரத்தம் வந்தது கிடையாது டாக்டர். ஈறெல்லாம் கல்லு மாதிரி."

சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். டாக்டர் பார்த்தார். ஈறு இளஞ்சிவப்பாக, இறுக்கமாக, குறை சொல்ல ஒன்றுமில்லாமல்தான் இருந்தது. கம்பி கடைவாய்ப் பல்லின் குழிக்குள் போய்ச் சிக்கிக்கொண்டு நின்றது.

"ஐஸ்கிரீம், இனிப்பு சாப்பிட்டா சுரீர்னு இருக்குமே?"

மனைவி கன்னத்தைத் தடவிக்கொண்டாள். "அந்தப் பக்கம் சாப்பிடுறதில்ல டாக்டர்" என்றாள்.

"எத்தனை நாளா?"

அவள் கணவரின் பக்கம் பார்க்காமல் மேலே விளக்கைப் பார்த்தாள். டச்சப்காரர் அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலிக்குப் பக்கத்திலேயே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.