வெள்ளிக்கிழமை மின்னஞ்சல்

அந்த வருடம் ஆடி மாதம் முழுக்க நான் பாதித் தூக்கத்தில் இருந்ததாகத்தான் நினைவு. மகளுக்கு இரண்டு வயது. மதியம் அவள் தூங்கும் நேரம்தான் எனக்கு வேலை நேரம். ஜன்னலுக்கு வெளியே ஆடிக்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு போகும். உள்ளே நான் மடிக்கணினியை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு கண் திரையிலும் ஒரு கண் தொட்டிலிலுமாக நிரல் எழுதிக்கொண்டிருப்பேன். சில நாள் எழுதியது எது, கனவில் எழுதியது எது என்று எனக்கே குழம்பும்.

எங்கள் ஊர் திருத்தங்கலில் ஒரு காலண்டர் அச்சகத்துக்கு ஆர்டர் எடுக்கும் செயலி செய்துகொண்டிருந்தேன். நானாகப் பிடித்த முதல் வாடிக்கையாளர். வெளியூர் ஏஜெண்டுகள் போனிலேயே காலண்டர் படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அடியில் அச்சடிக்க வேண்டிய கடையின் பெயரைத் தட்ட வேண்டும், மாதிரியைப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பம் வெளியாகும். ஏஜெண்டுகள் எல்லோரும் அன்றைக்கு ஊருக்கு வருவார்கள். அன்று செயலி ஓடியே ஆக வேண்டும்.

ஓடாவிட்டால் எனக்கு பெங்களூர்தான். பழைய கம்பெனியில் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள். ஆடிப்பெருக்கு கழிந்ததும் பதில் சொல்கிறேன் என்று தவணை வாங்கியிருந்தேன். கணவர் துபாயில். பெங்களூருக்குப் போனால் பிள்ளையை விருதுநகரில் என் அக்கா வீட்டில் விட வேண்டும். அக்கா நல்லவள்தான், மூன்று பிள்ளை வளர்த்தவள். இருந்தாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

வாரா வாரம் வெள்ளிக்கிழமை காலையில் அச்சக முதலாளிக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன். பெங்களூரில் படிந்த பழக்கம் அது. ஆனால் தமிழில் எழுதுவேன். மேலே 'இந்த வாரம் முடிந்த வேலை', திரையின் படங்களோடு, தொட்டுப் பார்க்க இணைப்போடு. அதற்குக் கீழே 'தடைகள்'. கடைசியில் 'உங்கள் முடிவு தேவை'. ஊரில் எல்லோரும் அவரை அழைப்பதுபோல நானும் அண்ணாச்சி என்றுதான் அழைப்பேன். "எதுனாலும் மெயில்ல போடுங்க தாயி. நம்ம ஆபீஸ்ல அத பிரிண்ட் எடுத்துக் குடுத்துருவாக. காகிதத்துல பாத்தாத்தான் எனக்கு மனசுல நிக்கும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். காகிதத்தில் பிழைப்பவர். நியாயம்தான்.

தடை என்று நான் எழுதியது ஒன்றே ஒன்று. ஏஜெண்டுகள் செயலிக்குள் நுழைய அவர்கள் போனுக்கு ஓடிபி என்கிற ஒருமுறைக் குறியெண் ஒன்று குறுஞ்செய்தியாகப் போக வேண்டும். அப்படி அனுப்ப, கம்பெனியின் பெயரையும் செய்தியின் வாசகத்தையும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் பதிவு செய்ய வேண்டும். அதற்கு அண்ணாச்சியின் பான் அட்டை நகலும் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். கொடுத்த மறுநாளே கிடைத்துவிடும் காரியமும் இல்லை. முடிவு கேட்டதும் ஒன்றுதான். ஒரே ஊரில் இரண்டு கடைகள் ஒரே படத்தைக் கேட்டால் கொடுக்கலாமா, கூடாதா?

இதையே வாரா வாரம் எழுதினேன். முதலில் பணிவாக. பிறகு தடித்த எழுத்தில். ஒவ்வொரு சனிக்கிழமையும் அண்ணாச்சியிடமிருந்து போன் வரும். பின்னால் மெஷின் சத்தம். "மெயில் பாத்தேன் தாயி. ரொம்ப அருமை. ஒரு கொறையும் இல்ல. இப்படியே போகட்டும்." நான் வாயைத் திறப்பதற்குள் யாரோ கூப்பிட, வைத்துவிடுவார். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குறை இல்லையாம். கழுத்துவரை குறையில் நான் நிற்கிறேன், இவருக்கு ஒரு குறையும் தெரியவில்லையாம்.

ஆடிப்பெருக்குக்கு முந்தைய வெள்ளிக்கிழமை எனக்குப் பொறுமை போய்விட்டது. மின்னஞ்சலைத் தட்டிவிட்டு, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே அச்சகத்துக்குப் போய்விட்டேன்.

அலுவலகத்தில் கணக்கு பார்க்கும் அக்கா மட்டும் இருந்தார். மஞ்சள் பூசிய முகம், தலை நிறையப் பூ. அச்சகத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு தாள் நகராது. சாம்பிராணிப் புகையும் மை வாசமும் கலந்து அந்த அறை கோயிலா கம்பெனியா என்று தெரியாமல் மிதந்துகொண்டிருந்தது. பிரிண்டரிலிருந்து என் மின்னஞ்சல் அப்போதுதான் வந்தது. அக்கா அதை மேசைமேல் விரித்தார். 'தடைகள்' என்ற வார்த்தைக்கு மேலே ஸ்டீல் ஸ்கேலை வைத்தார். ஒரே இழுப்பில், பிசிறில்லாமல், இரண்டாகக் கிழித்தார்.

மேல்பாதியின் மூலையில் மஞ்சள் தடவி அண்ணாச்சியின் மேசையில் வைத்தார். கீழ்ப்பாதியை மடித்துச் சுவரில் இருந்த பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்தார். அங்கே ஏற்கெனவே மடித்த தாள்கள் அடுக்காக இருந்தன. எல்லாம் என்னுடையவை.

"என்னக்கா செய்யிதீக?" என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாங்க, வாங்க. இப்பத்தான் ஒங்க மெயிலு வந்துச்சு. வெள்ளியும் அதுவுமா, ஆல்பம் போடுற நேரத்துல, அண்ணாச்சி கண்ணுல தடைன்னு படலாமா? நீங்க படிச்சவுக, ஒங்களுக்குத் தெரியாது. அதான் நல்லத மட்டும் அவுகளுக்கு வச்சிட்டு, தடைய எல்லாம் பிள்ளையார்கிட்ட குடுத்துருவேன். அவரு தீத்து வைக்கட்டும்."

"அப்ப அண்ணாச்சிகிட்ட எப்ப குடுப்பீக?"

"மக்கா நாளு குடுக்கணும்னுதான் நெனப்பேன். சனிக்கிழம சம்பள நாளு. அந்தத் தள்ளுமுள்ளுல மறந்துரும். பெறகு அடுத்த வெள்ளி வந்துரும்." சொல்லிக்கொண்டே வந்தவருக்கு என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "ஏம்மா, பெரிய தடையா அது?"

கோபப்படத்தான் வந்திருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த ஊர்க்காரிதானே நானும்? வெள்ளிக்கிழமை அரிசி தீர்ந்தால் 'இல்லை' என்று சொல்லாமல் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லும் வீட்டில்தான் வளர்ந்தேன். தடை என்று கொட்டை எழுத்தில், அதுவும் ஆடி வெள்ளியில், ஒரு வியாபாரிக்கு அனுப்பியிருக்கிறேன்.

அண்ணாச்சி வந்தார். நான் பிள்ளையாரிடமிருந்து தாள்களை எடுத்து அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தார். அக்கா சேலைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அண்ணாச்சி அவரைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னைத்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அது ஒரு வெகுளி, சாமிகிட்ட குடுத்துருச்சு. சரி. நீங்க எங்கன இருக்கீக தாயி? கூப்பிடு தூரம். இம்புட்டுப் பெரிய காரியத்துக்கு ஒரு எட்டு வரக்கூடாதா? நான் அருமைன்னு சொன்னா, 'அண்ணாச்சி, நான் கேட்டதுக்குப் பதில் எங்க'ன்னு நடுவுல பேசக்கூடாதா?"

சுருக்கென்று தைத்தது. ஊருக்குத் திரும்பிவிட்டேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, நான் பெங்களூரிலிருந்து எழுதுவதுபோலத்தான் எழுதிக்கொண்டிருந்தேன்.

"இப்பமே முடிவு சொல்லுங்க அண்ணாச்சி" என்றேன்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ராகு காலம் தாயி. முடியட்டும்."

எனக்கு வேறு போக்கில்லை. அச்சுக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தேன். அங்கே அடுத்த ஆண்டு அடுக்கி வைக்கப்பட்டிருந்தது. நாள்காட்டித் தாள்கள் கட்டுக்கட்டாக, இடுப்பு உயரத்துக்கு. இன்னும் விடியாத நாட்கள், நல்ல நேரத்தோடும் பண்டிகையோடும், காற்றில் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் நீல மை மட்டும் அச்சேறிய முருகன்கள் காய்ந்துகொண்டிருந்தார்கள். மெஷின் தாலாட்டுவதுபோல ஓடியது. நான் ஒரு கட்டின் ஓரத்தை விரலால் தள்ளினேன். தை, மாசி, பங்குனி. மகளின் பிறந்தநாள் சிவப்பு எழுத்தில் வந்தது, ஏதோ விடுமுறை போலிருக்கிறது. அந்தத் தாளை யாரோ ஒருவர் ஏதோ ஒரு சுவரிலிருந்து கிழிக்கும் காலையில் நான் எங்கே இருப்பேன்? அவள் கண் விழித்ததும் யாரைக் கூப்பிடுவாள்? என்னையா, விருதுநகர் அக்காவையா? உட்கார்ந்தபடியே கண் செருகியது. கனவில் அவள் தாள்களின் மேல் தவழ்ந்து, ஒவ்வொரு நாளாகத் தாண்டி, என்னைவிட்டுத் தூரமாகப் போய்க்கொண்டிருந்தாள். எழுந்தபோது முகம் நனைந்திருந்தது. நல்லவேளை, மெஷின்காரர்கள் யாரும் பார்க்கவில்லை.

ராகு காலம் முடிந்ததும் அண்ணாச்சி கூப்பிட்டார். குறுஞ்செய்திப் பதிவு இனி ஆடிப்பெருக்குக்குள் முடியாது என்றேன். மாற்று வழி சொன்னேன். ஒவ்வொரு ஏஜெண்டுக்கும் அலுவலகமே ஒரு ரகசிய எண்ணைப் போட்டுக் கொடுக்கட்டும். அவர்கள் முதல் தடவை உள்ளே வந்ததும் அதை மாற்றிக்கொள்ளட்டும். பதிவு கிடைத்த பிறகு குறுஞ்செய்திக்கு மாறலாம்.

"யாரு கூப்பிட்டுச் சொல்ல?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"நான் சொல்லுதேன்" என்றார் அக்கா, கேட்டு முடிப்பதற்குள். "எல்லா ஏஜெண்டு நம்பரும் எங்கிட்டத்தான் இருக்கு. ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டு, அவுக சொந்த நம்பருதானான்னு பாத்துக்கிட்டுச் சொல்லுதேன்."

"சரி. அந்தப் பட விஷயம்" என்று அண்ணாச்சி தாளைத் தட்டினார். "ஒரே ஊருல ரெண்டு கடைக்கு ஒரே முருகனா? கூடவே கூடாது. காலண்டரு வாங்கிட்டுப் போறவனுக்கு எந்தக் கடைக்காரன் குடுத்தான்னு மறந்து போகும். கடைக்காரன் நம்ம சட்டையப் பிடிப்பான்."

"மதுரை மாதிரி பெரிய ஊருன்னா?"

கொஞ்சம் யோசித்தார். "அங்கன குடுக்கலாம். எந்தத் தெருன்னு பாத்து."

"தெரு மிஷினுக்குத் தெரியாது அண்ணாச்சி. ரெண்டாவது ஆளு கேட்டா ஆர்டர நிப்பாட்டி ஒங்ககிட்ட கேக்கும். நீங்க சரின்னா போகும்."

"அதான் சரி. கேக்கட்டும். கேட்டாச் சொல்லப்போறேன்" என்றார். பான் அட்டை நகலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "இனிமே மெயில வியாழக்கிழம அனுப்புங்க. முடிவு கேக்குறத மேல போடுங்க. முழுசாப் படிப்பேன்" என்றார்.

ஆடிப்பெருக்கு அன்று ஏஜெண்டுகள் பந்தலில் உட்கார்ந்து போனைத் தட்டினார்கள். உள்ளே வர முடியவில்லை என்று ஒருவரும் சொல்லவில்லை. அருப்புக்கோட்டையில் ஒரு ஜவுளிக்கடைக்கும் பாத்திரக்கடைக்கும் ஒரே மகாலட்சுமியைக் கேட்டபோது ஆர்டர் நின்று, அண்ணாச்சியின் போன் ஒலித்தது. அவர் மேடையில் இருந்தபடியே அதைத் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். பிறகு என்னைப் பார்த்து, "தீவாளி முடிஞ்சதும் டைரி ஆர்டருக்கும் நீங்கதான் செய்யணும்" என்றார். பக்கத்து நாற்காலியில் இருந்த வேறொரு அச்சகக்காரர் என் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே பெங்களூருக்கு, வரவில்லை என்று இரண்டு வரியில் எழுதிவிட்டேன். 

கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்தது. விருதுநகர் அக்கா வீட்டுக்கு என்று மகளின் சட்டைகளை அதில் மடித்து வைத்திருந்தேன். எப்போது வைத்தேன் என்று இன்றும் எனக்குத் தெளிவாக நினைவில்லை. அதை இழுத்து வைத்து ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினேன். மகள் அதை விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள். நான் அடுக்க அடுக்க அவள் எடுத்துக்கொண்டு போய்ப் பைக்குள் போட்டாள். நான் மறுபடி எடுத்தேன். இருட்டும்வரை அதையே செய்துகொண்டிருந்தோம்.