செவ்வாய்க்கிழமை பிறந்தவர்கள்

மருந்துச் சோதனைக்குப் புள்ளிவிவரம் பார்ப்பவள் அவள். கணவன் போன வருடம் எந்தச் சிறுநீரக நோயில் போனானோ, அதே நோய்க்கான மருந்து. எல்லா நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்ததில் அது கேட்கவில்லை. சோதனையை நடத்தும் டாக்டர் விடவில்லை. வயது, எடை, ரத்த வகை என்று நோயாளிகளை அறுபது விதமாகக் கூறுபோடச் சொன்னார். கல்மாதிரி உட்கார்ந்து போட்டாள்.

"பாத்தீங்களா! சர்க்கரை இருக்கிற ஆம்பளைங்களுக்குக் கேக்குது!"

அவள் கணவனும் அந்தக் கூட்டம்தான்.

"அறுபது தடவை பார்த்தா, உப்புக்கும் உதவாத மருந்துகூட ரெண்டு மூணு இடத்துல தற்செயலாக் கேக்குற மாதிரிதான் தெரியும் டாக்டர். பிறந்த கிழமை வச்சும் பிரிச்சேன். செவ்வாய்க்கிழமை பிறந்தவங்களுக்கு இன்னும் நல்லாக் கேக்குது. மருந்து அட்டையில அப்படிப் போட்டு விக்கலாமா?"

டாக்டர் சிரித்தார். "செவ்வாயை விட்டுடுங்க. சர்க்கரையை மட்டும் எழுதுங்க."

"அறுபதையும் எழுதுறேன். சர்க்கரைக்காரங்களுக்குத்தான் கேக்கும்னு முன்னாடியே சொல்லிட்டு, புதுசா ஆள் சேர்த்துப் பாருங்க. அப்பவும் கேட்டா நம்புறேன்."

அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் நின்று மாமியாருக்குப் போன் போட்டாள்.

"அத்தே, அவர் என்ன கிழமை பொறந்தார்?"

"புதன்கிழமைம்மா. விடியக்காலையில. ஏன் கேக்குற?"

"சும்மாதான்."

போனை வைத்தாள். ஒரே ஒரு ராத்திரி வித்தியாசத்தில் செவ்வாய் தப்பிவிட்டதே என்று நினைத்தாள்.