பூவாடைப் பெட்டியும் அலமாரிக் கதவும்

திண்டிவனத்தில் அண்ணன் கட்டிய வீட்டில் எனக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று, அந்தத் தள்ளுகதவு அலமாரி. ஆள் உயரத்துக்கு மேல் கதவு, அதில் முழுக் கண்ணாடி, மேலே தண்டவாளத்தில் சக்கரம். நாங்கள் விழுப்புரத்தில் சாதாரணக் கீல் வைத்த பீரோவில் துணி வைத்து நன்றாகத்தான் இருக்கிறோம்.

அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படையல். எங்கள் வீட்டில் சுமங்கலியாய் இறந்துபோன பெண்களுக்குப் புதுப்புடவை வைத்துக் கும்பிட்டு, அதைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவோம். அடுத்த படையல் வரை யாரும் தொடக் கூடாது. அன்றைக்குத் திறந்து பழைய புடவையை எடுக்கிறவள்தான் அதைக் கட்டிக்கொள்ள வேண்டும். எடுப்பது மருமகள். கட்டிக்கொடுத்த பெண் எடுப்பதில்லை.

பெட்டியில் இருந்தது அம்மா கடைசியாக மடித்து வைத்த புடவை. அடுத்த படையலுக்குள் அம்மாவே பூவாடைக்காரி ஆகிவிட்டாள். அந்தப் புடவை எனக்கு வேண்டும் என்று நான் எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் பஸ்ஸில் மயிலம் தாண்டுவதற்குள் அண்ணியின் மேல் எனக்குக் கோபமே வந்துவிட்டது. அவர் ஒன்றும் செய்யவில்லை, மருமகளாக இருந்தார், அவ்வளவுதான்.

படையலன்று அலமாரியிலிருந்து பெட்டியை எடுக்கப் போன அண்ணன் அவசரத்தில் கதவைப் பிடித்து ஓங்கி இழுத்தார். மேலே டங்கென்று ஒரு சத்தம். ஒரு பக்கத்துச் சக்கரம் தண்டவாளத்தை விட்டுக் குதித்து, அந்தப் பக்கத்து மூலை கீழே இறங்கிவிட்டது. மறுபக்கத்துச் சக்கரம் கோணலாகச் சிக்கிக்கொண்டது. பெட்டி அந்தக் கதவுக்குப் பின்னால். நடுவில் பலகைத் தடுப்பு, பக்கத்துக் கதவைத் தள்ளினாலும் கை எட்டாது. அண்ணன் இன்னும் இரண்டு இழுப்பு இழுத்து, அதை நன்றாக இறுக்கிவிட்டு, பூமாலை வாங்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார். கதவை மாட்டிய ஆசாரி கண்டாச்சிபுரத்தில் வேறு வேலையில் இருந்தார்.

"ஆச்சாம்மா? பொழுது சாயப் போவுது" என்று கூடத்திலிருந்து அப்பா கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா" என்றார் அண்ணி. பிறகு என்னிடம், "இத இழுக்கவே கூடாது. மாட்டுறப்ப நான் பாத்துக்கினு இருந்தேன். மேல தூக்கித்தான் கழட்டணும். நீ ஒரு கை குடு" என்றார்.

முதலில் தண்டவாளத்தை மறைத்து வைத்திருந்த ரீப்பர் மரச்சட்டத்தைக் கழற்ற வேண்டியிருந்தது. முன்னொரு தடவை குதித்தபோது, இனிமேல் குதிக்காது என்று அண்ணன் தன் கையாலேயே முடுக்கியது. சக்கரம் வெளியே வரும் வழியையும் அதுதான் அடைத்துக்கொண்டிருந்தது. அண்ணி ஸ்டூலில் ஏறி ஸ்க்ரூவைத் திருகினார், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். புத்திசாலித்தனத்தில் எங்கள் வீட்டு ஆண்களை மிஞ்ச ஆளில்லை.

அடுத்து, இறங்கிய மூலைக்கு அடியில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்து நெம்பினேன். விரல் நுழைய இடம் கிடைத்ததும் அந்த மூலையைத் தூக்கிக் கதவை நேராக்கினோம். நேரானதும் சிக்கியிருந்த சக்கரம் தானாகவே தளர்ந்தது.

"இப்ப ரெண்டு பேரும் சேந்தாப்பல மேல தூக்கணும். கீழ இருக்கிற கட்டைய வுட்டு வெளிய வந்ததும் அடிப்பக்கத்த நம்ம பக்கம் இழு. ஒருத்தர் முந்துனா திரும்பவும் மாட்டிக்கும்."

தூக்கினோம். நான் முந்திவிட்டேன், மாட்டிக்கொண்டது. அண்ணி திட்டவில்லை. மறுபடி, அவர் மூச்சைப் பார்த்து நானும் மூச்சை இழுத்துக்கொண்டு தூக்கினேன். சக்கரங்கள் தண்டவாளத்தின் உதட்டைத் தாண்டி வந்தன. அடிப்பக்கம் எங்கள் பக்கம் சாய்ந்தது, மெல்லத் தரையில் இறக்கினோம்.

அறை முழுக்கச் சீர்வரிசைப் பாத்திரம், கதவைச் சாய்க்க ஒரு சுவர்கூடக் காலி இல்லை. டைல்ஸ் தரை வழுக்கியது. கண்ணாடிக் கதவை யாராவது ஒருவர் நிற்கவைத்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். என் தோளில்தான் பாரம் இருந்தது. சரிதான், அண்ணி எடுக்கட்டும், நான் கதவுக்கு முட்டுக் கொடுக்க வந்தவள்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணி பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சுற்றிக்கொண்டு வந்து கதவுக்குத் தன் தோளைக் கொடுத்தார்.

"நீ எடும்மா. நான் புடிச்சிக்கினு நிக்கிறேன்."

"நீங்கதான் அண்ணி எடுக்கணும்."

"கதவ வுட்டுட்டு நான் எப்படி எடுக்கிறது? மாமா கேட்டா அதையே சொல்லிக்கலாம்."

பெட்டியைத் திறந்தேன். மஞ்சளும் கற்பூரமும் கலந்த வாசனை. மடிப்பு அம்மாவின் மடிப்பு, முந்தானை எப்போதும் உள்பக்கம் இருக்கும். அதன்மேல் கையை வைத்தவள் எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து அழுதேன்.

நெடுநேரம் அழுதிருப்பேன். திரும்பிப் பார்த்தபோது கதவின் பாரம் தாங்காமல் அண்ணியின் இரண்டு கைகளும் நடுங்கிக்கொண்டிருந்தன. சீக்கிரம் எடு என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.