ஏழு நாள் துணையாள்

உத்தரவு ஒன்றைத் தட்டச்சு செய்து மூன்று பிரதி எடுத்து ஒட்டிவிட்டால் உலகத்தில் எதுவும் சரியாகிவிடும் என்று நான் நம்பிய காலம். உத்திரமேரூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தலைமை எழுத்தராக இருந்தேன். எண்பதுகளின் தொடக்கத்தில் கிராமங்களுக்குப் புதிது புதிதாகச் செவிலியர்களை நியமித்தார்கள். வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். பெருநகர் என்ற ஊரைத் தாண்டி இருந்த ஒரு கிராமத்தில் ஒருத்தி மாறுதல் வாங்கிப் போனாள். அடுத்தவள் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு பஸ் ஏறிவிட்டாள்.

"மூணாவது பொண்ணும் போயிட்டா அந்த ஊருக்கு இனிமே நர்சே கிடையாது. புதுசா வர்றவங்களுக்குத் துணையா ஒரு ஆள் போட்டுப் பாருங்க. நீங்கதான் நடைமுறைப் புலியாச்சே" என்றார் டாக்டர்.

புலி உடனே பாய்ந்தது. ஒவ்வொரு புது செவிலியருக்கும் மூத்த செவிலியர் ஒருவர் துணையாள். காலம்: ஏழு நாள். முடிவில் எனக்கு அறிக்கை. அதில் 'ஐயம் தீர்ந்ததா? ஆம் / இல்லை' என்று நாளுக்கு ஒரு கட்டம். ஜோடி சேர்த்தது பணிமூப்புப் பட்டியலைப் பார்த்து. மூன்றாவதாக வந்த திருநெல்வேலிப் பெண்ணுக்கு, பட்டியலின் உச்சியில் இருந்த செவிலியர் அம்மா. அறிக்கையில் எல்லாக் கட்டத்திலும் 'ஆம்'. பெருமையாகக் கோப்பில் சேர்த்தேன்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பெண் என் மேசை முன்னால் வந்து நின்றாள். "சார், மாறுதலுக்கு எப்படி எழுதணும்?"

யாராவது என்னிடம் நடைமுறை கேட்டால் மற்றதெல்லாம் மறந்துவிடும். முறையான வழியில், டாக்டர் மூலமாக, மூன்று பிரதி, காரணம் சுருக்கமாக என்று உற்சாகமாக விளக்கினேன். நானே தட்டச்சும் செய்து கொடுப்பதாகச் சொல்லிப் பாதி அடித்த பிறகுதான், காரணத்துக்காக நிமிர்ந்து, "ஏம்மா போற?" என்று கேட்டேன்.

"முத்தடுப்பு ஊசி போட்டேன். ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துட்டு. காய்ச்சல் வரும்தான், ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். பிள்ளையப் பெத்தவங்க நம்பல. இப்போ எந்த வீட்லயும் கதவே திறக்க மாட்டேங்காங்க."

"துணையாளைக் கேக்கறதுதானே?"

"அவங்க வந்தப்போ கிணறு, கடை, பஸ் நேரம் எல்லாம் காட்டினாங்க சார். அப்போ எனக்குச் சந்தேகமே இல்ல. இப்பதான் வருது. இப்போ கேட்டா அறிக்கையில 'இல்லை'ன்னு மாத்தி உங்களுக்கு எழுதணுமாமே."

மூத்த அம்மாவைக் கூப்பிட்டு விசாரித்தேன். அவர் சுற்றிவளைக்கவில்லை.

"இன்னா சார், ஏழு நாளுன்னு நீதானே போட்ட? எட்டாம் நாளு நான் இன்னாத்துக்குப் போறது? என் ஊரு இன்னா அவ வூட்டுப் பக்கத்துலயா கீது? ரெண்டு பஸ்ஸு மாறணும். பொருத்தம் பாக்காமயே ஜோடி கட்டிட்டு, இப்ப வந்து பேஜார் பண்றியே!"

டாக்டர் சிரித்துக்கொண்டே எங்கள் மூன்று பேரையும் உட்காரவைத்தார். புது ஏற்பாடு அங்கேயே உருவானது. நான் குறிப்பெடுத்தேன். துணையாள் அதே பஸ் தடத்தில், அடுத்த ஊரில் இருப்பவர். இரண்டு வருடம் முன்பு வந்தவர், தான் திணறியதை இன்னும் மறக்காதவர். தடுப்பு மருந்துக் குடுவை வாங்க இருவரும் எப்படியும் வாரா வாரம் இங்கே வருகிறார்கள். திரும்பும் பஸ்ஸில் பேசிக்கொள்வார்கள். முதல் ஊசி முகாம், முதல் பிரசவம், முதல் மழைக்காலக் காய்ச்சல் என்று எது முதன்முறை வந்தாலும் துணையாள் கூடப் போவார். அடுத்த முறை பக்கத்தில் நிற்பார். அதற்கடுத்து, கேட்டால் மட்டும் சொல்வார். துணை போகும் அன்றைக்கு அவர் சொந்த வேலையில் ஒரு பங்கு குறைக்கப்படும். ஒரு வருட வேலை ஒரு சுற்று வரும்வரை இது நடக்கும். தப்பைப் பார்ப்பது மேற்பார்வையாளர் வேலை, துணையாள் வேலை அல்ல. ஆகவே அலுவலகத்துக்கு அறிக்கை கிடையாது.

"அறிக்கை இல்லாமலா?" என்றேன். சோற்றில் உப்பில்லை என்று சொன்ன மாதிரி என் முகம் இருந்திருக்க வேண்டும். மூவரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரமே புதுத் துணையாள் அந்த வீடுகளுக்குக் கூடப் போனார். காய்ச்சல் வரலாம், ஊசி போட்ட இடம் வீங்கலாம் என்று ஊசிக்கு முன்பே தாய்மாரிடம் சொல்வது, மறுநாள் போய்ப் பிள்ளையைப் பார்ப்பது என்று வழக்கமாக்கினார்கள். கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்ததை நான் அறிக்கையில் படிக்கவில்லை. குடுவை வாங்க வந்தவள் இன்னும் கொஞ்சம் மருந்து வேண்டும் என்று சண்டை போட்டதில் தெரிந்துகொண்டேன்.

பொங்கல் முடிந்து வந்தபோது அவளை நிறுத்தினேன். அரைகுறையாக எதையும் விட்டுவைக்க என்னால் முடியாது.

"உன் மாறுதல் விண்ணப்பம் மூணு பிரதியும் ரெடியா இருக்கும்மா. கையெழுத்தும் தேதியும்தான் பாக்கி."

"என்னை அனுப்பிட்டுத்தான் மறுவேலையா சார்?" என்றாள். குடுவையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். வாசலில் அவளுடைய துணையாள் பஸ் வந்துவிட்டதென்று கத்திக்கொண்டிருந்தார்.

மூன்றையும் கிழித்துப் போட்டேன். கிழிப்பதற்கும் ஒரு நடைமுறை உண்டு. அன்று அதைப் பின்பற்றவில்லை.