வலை இறங்கிய நாள்

"நான் போட்ட மார்க் கல்வெட்டு மாதிரி. அடித்தல் திருத்தல் என் பட்டியல்லயே கிடையாது!" என்று உடற்கல்வி ஆசிரியரான விசில் சார் இருபது ஆண்டுகளாக ஆசிரியர் அறையில் முழங்கிவந்தார். மறுத்துப் பேசுகிறவர் காதருகே விசில் ஊதுவது அவருடைய வாதமுறை.

பன்னிரண்டாம் வகுப்பின் உடற்கல்விச் செய்முறைத் தேர்வுக்கு முன்தேர்வு நடந்தது. இதன் மதிப்பெண்ணில் பாதி இறுதிப் பட்டியலில் சேரும். கைப்பந்தில் முதலில் மாணவர்கள் சர்வீஸ் போட்டார்கள், பிறகு மாணவிகள். தபால்காரர் மகள் போட்ட பத்தில் ஏழு வலையில் மோதின.

"மூணு மாசம் தொண்டை கிழியக் கத்தினது எங்கேம்மா போச்சு? பத்துக்கு மூணு!"

அதே கோபத்தோடு வாய்மொழித் தேர்வைத் தொடங்கினார். "பெண்களுக்கு வலை உயரம் எவ்வளவு? இதாவது தெரியுமா?"

"ரெண்டு மீட்டர் இருபத்துநாலு சென்டிமீட்டர், சார். ஆண்களுக்கு ரெண்டு நாற்பத்துமூணு." அவள் முகம் சிவந்திருந்தது. "பசங்க முடிச்சதும் வலையை யாரும் இறக்கல. எங்க மார்க்கை மட்டும் இறக்கிட்டீங்க."

"அப்பவே சொல்றதுக்கென்ன?" என்று சீறினார்.

"சொன்னேன் சார். விசில் ஊதிட்டீங்க."

சார் அளவுகோலை இரண்டு முறை வைத்துப் பார்த்தார். அளவுகோலையும் ஒருமுறை முறைத்தார். பிறகு தன் கையாலேயே வலையை இறக்கி, எல்லா மாணவிகளையும் மறுபடி போடச் சொன்னார். தபால்காரர் மகளுக்கு எட்டு விழுந்தது.

சார் ஆசிரியர் அறைப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்து, பழைய எண்களை ஒவ்வொன்றாக அடித்தார். ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டார்.